ரெட் டேப் காலணியின் நிறம் என்ன?

இணையக் கடையில் காலணி என்று தேடினால், முடிவுகளுக்குப் பக்கத்தில் பிராண்டு, அளவு, நிறம் என்று ஃபில்டர்கள் வரிசையாக வரும். பழுப்பைத் தொட்டால் பழுப்புக் காலணிகள் மட்டும் மிஞ்ச வேண்டும். பெரும்பாலான கடைகளில் இந்த ஃபில்டர் பொருளின் படத்தைப் பார்ப்பதில்லை. பொருளின் பதிவில் நிறத்துக்கென்று ஒதுக்கிய கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால், காலணி எவ்வளவு பழுப்பாக இருந்தாலும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். பல விற்பனையாளர்கள் பொருள்களைப் பதியும் கடையில் இப்படிக் காலிக் கட்டங்கள் சகஜம். தலைப்பை மட்டும் யாரும் காலியாக விடுவதில்லை. வாங்குபவர் எந்தச் சொல்லைத் தட்டுவாரோ என்று எல்லாவற்றையும் அதற்குள்ளேயே திணித்துவிடுகிறார்கள். அதனால் தலைப்பைப் பிரித்துப் படித்துக் கட்டங்களை நிரப்பும் வேலை கணினியிடம் வந்து சேர்ந்தது.

இந்திய இணையக் கடைகளில் பார்க்கக்கூடிய பாணியில் ஒரு தலைப்பு:

```
Red Tape Men's Tan Leather Formal Shoes UK 8
```

முதலில் தோன்றும் வழி, நிறப் பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு தலைப்பில் தேடுவது. அப்படித் தேடினால் முதல் சொல்லிலேயே சிவப்பு அகப்படும். ஆனால் ரெட் டேப் என்பது காலணி பிராண்டு. இந்தக் காலணியின் நிறமோ டான், அதாவது இளம்பழுப்பு. ரெட் சீஃப், பிளாக்பெரீஸ் என்று பெயரிலேயே நிறத்தைச் சுமக்கும் பிராண்டுகள் இன்னும் உண்டு. ஆகவே எதை முதலில் தேடுவது என்பதே இந்த வேலையில் பாதி. பொருளின் வகையை முதலில் முடிவு செய்ய வேண்டும். அடுத்து அந்த வகைக்குரிய பிராண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்துவனவற்றில் நீளமானதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிராண்டு என்று முடிவான சொற்களை ஒதுக்கிவிட்டு, மீதியில்தான் நிறத்தைத் தேட வேண்டும். ரெட் டேப் இரு சொற்களாக ஒதுங்கிய பிறகு, தலைப்பில் நிறமாக நிற்பது டான் மட்டுமே.

வகையை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு க்ரீம் என்ற சொல் போதும். சட்டைத் தலைப்பில் அது நிறம். முகப்பூச்சுத் தலைப்பில் அதுவே பொருள். ஆரஞ்சு, பீச், ஆலிவ், ஒயின் என்று துணிக்கடை நிறங்களில் பாதி சமையலறையிலிருந்து வந்தவை போலிருக்கும். மளிகைப் பிரிவில் அந்தப் பட்டியலை அப்படியே ஓடவிட்டால், ஆலிவ் எண்ணெய் பச்சை நிறப் பொருளாகிவிடும்.

அளவு வேறு விதமாகத் தொல்லை தரும். எண்ணைப் பிடிப்பது எளிது. அது எதன் எண் என்று சொல்வதுதான் கடினம். லீவைஸ் ஜீன்ஸ் தலைப்பில் வரும் 511 என்பது தையல் பாணியின் எண். அதே தலைப்பில் வரும் 32 இடுப்பு, 34 கால் நீளம், இரண்டும் அங்குலத்தில். தொலைக்காட்சித் தலைப்பில் 32 என்றால் திரையின் மூலைவிட்டம். செல்பேசித் தலைப்பில் 128 என்றால் பெரும்பாலும் சேமிப்பிடம். எனவே எண்ணோடு ஒட்டிவரும் சொல்லையும், அந்த வகையில் நடப்பிலுள்ள அளவுகளையும் சேர்த்தே விதி எழுதுகிறார்கள். ஆண்கள் காலணியில் UK என்ற எழுத்துகளுக்குப் பின் 5 முதல் 13 வரை ஓர் எண், நடுவில் அரை அளவுகளும் உண்டு, என்பது அப்படியொரு விதி.

பட்டியலும் விதியும் தெரிந்த பெயர்களுக்கு நன்றாக வேலை செய்யும். நேற்று பதிவான புதிய பிராண்டு பட்டியலில் இருக்காது. அங்கே இயந்திரக் கற்றல் வருகிறது. மனிதர்கள் சில ஆயிரம் தலைப்புகளைச் சொல் சொல்லாகக் குறித்துக் கொடுப்பார்கள்:

```
Red      B-BRAND
Tape     I-BRAND
Men's    O
Tan      B-COLOR
Leather  O
Formal   O
Shoes    O
UK       B-SIZE
8        I-SIZE
```

`B` ஒரு பெயரின் தொடக்கம், `I` அதன் தொடர்ச்சி, `O` இவை எதிலும் சேராதது. இப்படிக் குறித்தவற்றைப் பார்த்து நிரல் சொல்லை மட்டுமல்ல, சொல் நிற்கும் இடத்தையும் கற்கிறது. தலைப்பின் முதல் சொல் பெரும்பாலும் பிராண்டு. அதையடுத்து ஆண்களுக்கா பெண்களுக்கா என்ற சொல் வந்தால் சந்தேகம் இன்னும் குறையும். `for` என்ற சொல்லுக்குப் பின் சாம்சங் வந்தால், பொருள் சாம்சங்குக்கான உறை. சாம்சங் செய்த உறை அல்ல. இந்த வேறுபாட்டைக் காணாத கடையில், சாம்சங் ஃபில்டரைத் தொட்டவருக்கு நூற்றுக்கணக்கில் பிளாஸ்டிக் உறைகள் வந்து விழும்.

கையால் குறிப்பது செலவு பிடித்த வேலை. ஈபே நிறுவன ஆய்வாளர்கள் 2011இல் உடை, காலணிப் பதிவுகளில் சிறிய பிராண்டுப் பட்டியலை விதையாக வைத்து, குறியிடாத தலைப்புகளிலிருந்து புதிய பெயர்களைச் சேர்த்து அதை வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். அமேசான் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓப்பன்டேக், 2018இல், பயிற்சியில் ஒருமுறைகூட வராத பெயர்களையும் இனங்காண்பதைக் குறிக்கோளாக வைத்தது. விற்பனையாளர்கள் ஏற்கெனவே நிரப்பிய கட்டங்களைத் தலைப்போடு பொருத்திப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் மலிவான வழியும் உண்டு. அதில் விற்பனையாளரின் பிழையையும் நிரல் சிரத்தையாகக் கற்றுக்கொள்ளும்.

எடுத்த சொல்லை அப்படியே ஃபில்டரில் போட முடியாது. டான், காக்னாக், ப்ரவுன் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களாகக் காட்டினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பழுப்பு என்ற ஒரே குடும்பத்தில் சேர்க்க வேண்டும். UK 8, ஆண்களுக்கான அமெரிக்க அளவில் வழக்கமாக 9. இரண்டும் வெவ்வேறு அளவுகளாக நின்றால் வாங்குபவர் பாதிக் காலணிகளைப் பார்க்கவே மாட்டார். புடவைத் தலைப்புகளில் இது இன்னும் சுவையான சிக்கல். அரக்கு நிறத்தை ஆங்கில எழுத்தில் `arakku` என்றும் எழுதுவார்கள், `araku` என்றும் எழுதுவார்கள். இரண்டாவது எழுத்துக்கூட்டல் ஆந்திரத்தின் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே விளையும் காப்பியின் பெயரும் அதுதான். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் போன்றவற்றுக்கு ஆயத்தப் பட்டியல் எங்கும் கிடைக்காது. புடவை தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.

முறை தேறுமா என்று இரண்டு கேள்விகளால் பார்க்கிறார்கள். எடுத்துக்காட்டாக, நிறம் எழுதியுள்ள 600 தலைப்புகளில் நிரல் 500இல் நிறம் சொன்னது, அதில் 450 சரி என்று கொள்வோம். சொன்னதில் 90 சதவீதம் சரி. சொல்லியிருக்க வேண்டியதில் 75 சதவீதம்தான் கிடைத்தது. முதல் வகைப் பிழை கண்ணில் படும்: சிவப்பைத் தொட்டவருக்குக் கறுப்புக் காலணி வந்தால் எரிச்சல் வரும், புகாரும் வரும். இரண்டாவது வகையில் பொருள் ஓசையில்லாமல் காணாமல் போகிறது. விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நிரலுக்கு உறுதி குறைவாக இருக்கும்போது ஊகிக்க விடாமல், அந்தத் தலைப்பை மனிதரின் பார்வைக்கு அனுப்புவதே நல்ல ஏற்பாடு.

வெளியிலிருந்தும் இதைச் சோதிக்க முடியும். சில கடைகளில் ஒவ்வொரு நிறத்துக்கு எதிரிலும் எண்ணிக்கை இருக்கும். மொத்தம் 1,200 காலணி என்று காட்டும் பக்கத்தில் எல்லா நிறங்களின் கூட்டுத்தொகை 700 ஆனால், குறைந்தது 500 காலணிகளுக்கு நிறக் கட்டம் நிரம்பவில்லை என்று அர்த்தம். இருநிறக் காலணிகள் இரண்டு இடத்திலும் எண்ணப்பட்டிருந்தால் காலியாக உள்ளவை இன்னும் அதிகம். பிராண்டுப் பட்டியலின் அடிவாரத்துக்குப் போய் அங்கே `Men's` என்றோ `New` என்றோ ஒரு பெயர் நின்றால், தலைப்பின் முதல் சொல்லையெல்லாம் யாரோ கண்ணை மூடிக்கொண்டு பிராண்டாக எடுத்திருக்கிறார்கள்.