பிட்மாஸ்க் போட்டுச் சுற்றும் விற்பனையாளர்

ஒரு விற்பனையாளர் தன் ஊரிலிருந்து கிளம்பி, பட்டியலில் உள்ள எல்லா நகரங்களுக்கும் ஒரே ஒரு முறை போய்விட்டு, கிளம்பிய ஊருக்கே திரும்ப வேண்டும். மொத்தத் தூரம் மிகக் குறைவாக இருக்கும் வரிசை எது? கணினி அறிவியலில் புகழ்பெற்ற இந்தக் கணக்கை எல்லா வரிசைகளையும் எழுதிப் பார்த்தும் தீர்க்கலாம். ஆனால் 15 நகரங்களுக்கே 8,717 கோடிக்கும் மேற்பட்ட வரிசைகள் வந்துவிடும். இதைவிட வேகமான ஒரு வழியை 1962-இல் ரிச்சர்ட் பெல்மன் ஒருபுறமும், மைக்கேல் ஹெல்டும் ரிச்சர்ட் கார்ப்பும் மறுபுறமும் தனித்தனியே வெளியிட்டார்கள். மேல்நிலைப் பாடங்களின் அசைன்மென்ட்களில் பிட்மாஸ்க் டைனமிக் புரோகிராமிங் என்ற பெயரில் வருவது இதுதான்.

பாதி வழியில் நிற்கும் பயணிக்கு, மீதிப் பயணத்தைத் தீர்மானிக்க இரண்டு செய்திகள் போதும்: எந்தெந்த நகரங்களைப் பார்த்தாகிவிட்டது, இப்போது எங்கே நிற்கிறார். அவற்றை எந்த வரிசையில் பார்த்தார் என்பது இனி வரும் தூரத்தை மாற்றாது. ஆகவே ஒரே நகரங்களைப் பார்த்து ஒரே இடத்தில் முடியும் பாதைகளில் மிகக் குறுகியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடலாம்.

பார்த்த நகரங்களின் தொகுப்பை ஒரே முழு எண்ணில் அடக்குவதுதான் பிட்மாஸ்க். க, ச, த, ப என்று நான்கு நகரங்கள் இருந்தால், இரும எண்ணின் வலது கோடி பிட் க-வுக்கு, அடுத்தது ச-வுக்கு என்று வலமிருந்து இடமாக ஒதுக்கப்படும். பார்த்த நகரத்துக்கு 1, பார்க்காததற்கு 0. க, ச, ப மூன்றையும் பார்த்திருந்தால் `1011`, அதாவது 11.

க-ச 2, ச-த 3, த-ப 4, க-த 5, ச-ப 6, க-ப 12 என்று தூரங்கள் இருப்பதாகவும், எந்தத் திசையில் போனாலும் தூரம் ஒன்றே எனவும் கொள்வோம். கிளம்பும் ஊர் க. க-விலிருந்து நேரே போனால் ச-வுக்கு 2, த-வுக்கு 5, ப-வுக்கு 12. அடுத்த அடுக்கில் மூன்று நகரங்கள் கொண்ட தொகுப்புகள் வரும். க, ச, த ஆகியவற்றைப் பார்த்துவிட்டு த-வில் முடித்தால் 2+3=5, ச-வில் முடித்தால் 5+3=8.

தேர்வு நடப்பது நான்காவது அடுக்கில். எல்லா நகரங்களையும் பார்த்து ப-வில் முடிய இரண்டு வழிகள் உண்டு: த வழியாக 5+4=9, ச வழியாக 8+6=14. அட்டவணையில் 9 மட்டும் நிற்கும். இதே முறையில் ச-வில் முடிவதற்கு 15, த-வில் முடிவதற்கு 12.

கடைசியில் க-வுக்குத் திரும்பும் தூரத்தைச் சேர்க்க வேண்டும். ச-விலிருந்து 15+2=17, த-விலிருந்து 12+5=17, ப-விலிருந்து 9+12=21. விடை 17, பாதை க, ச, ப, த, க. 17 இருமுறை வருவது, அதே சுற்றைத் தலைகீழாகவும் போகலாம் என்பதால். ஒவ்வொரு முறையும் மிக அருகிலுள்ள நகரத்துக்கே போகிறவர் க, ச, த, ப என்று போய், 12 தூரமுள்ள கடைசித் தாவலில் மாட்டி 21-இல் முடிப்பார்.

நிரலின் நடுப்பகுதி இவ்வளவுதான்:

```cpp
dp[1][0] = 0;   // மற்றவை INF
for (int mask = 1; mask < (1 << n); mask++)
  for (int u = 0; u < n; u++) {
    if (dp[mask][u] == INF) continue;
    for (int v = 0; v < n; v++)
      if ((mask & (1 << v)) == 0) {
        int nm = mask | (1 << v);
        dp[nm][v] = min(dp[nm][v], dp[mask][u] + d[u][v]);
      }
  }
```

ஒரு பிட்டைப் புதிதாக 1 ஆக்கினால் எண் எப்போதும் பெரிதாகும். அதனால் `mask`-ஐ ஏறுவரிசையில் எடுத்தாலே, ஒரு கட்டத்துக்குத் தேவையான சிறிய கட்டங்கள் முன்பே நிரம்பியிருக்கும்.

பிழைகள் பெரும்பாலும் விடையிலேயே முகம் காட்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 9 என்று வந்தால், ஊர் திரும்பும் தூரம் சேர்க்கப்படவில்லை. விடை `INF` ஆகவே நின்றால் `mask & (1 << v) == 0` என்று அடைப்புக்குறி விடுபட்டிருக்கலாம். சி++ மொழியில் `==` முதலில் கணக்கிடப்படுவதால் அந்த நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. விடை எதிர்ம எண்ணாக வந்தால், `INF`-க்கு `INT_MAX` வைத்து, `continue` வரியை விட்டுவிட்டு, அதன் மேல் தூரத்தைக் கூட்டியிருக்க வாய்ப்புண்டு.

இந்த முறையின் வேலை சுமார் n² × 2ⁿ படிகள். 15 நகரங்களுக்கு ஏறத்தாழ 74 லட்சம் படிகளே. 20 நகரங்களுக்கு 42 கோடி படிகளும், ஒரு கட்டத்துக்கு 4 பைட் வீதம் 8 கோடி பைட்டுக்கு மேல் நினைவகமும் வேண்டும். சாதாரணக் கணினி இதைத் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு நகரம் கூடும்போதும் அட்டவணை இரு மடங்குக்குச் சற்று அதிகமாக வளரும். 30 நகரங்களில் அட்டவணைக்கு மட்டும் சுமார் 12,900 கோடி பைட் தேவைப்படும். அசைன்மென்ட்களில் n 20-ஐத் தாண்டாமல் இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.