உங்கள் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு எத்தனை பேர் கையில் இருக்கிறது? ஆடிட்டர் அலுவலக எக்செல் ஷீட்டின் சிக்கல்

நீங்கள் ஒரு கடையோ சிறு நிறுவனமோ நடத்துகிறீர்கள் என்றால், ஒரு கேள்விக்கு பதில் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஜிஎஸ்டி கணக்கின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் யாருக்கெல்லாம் தெரியும்?

"நம்ம ஆடிட்டருக்குத் தெரியும்" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். ஆனால் ஆடிட்டர் என்பது ஒரு ஆள் அல்ல, ஒரு அலுவலகம். அங்கே கணக்காளர்கள், பயிற்சிக்கு வந்த ஆர்ட்டிகிள் மாணவர்கள், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் ஊழியர்கள் எல்லாரும் இருப்பார்கள். பல அலுவலகங்களில் அத்தனை வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டும் ஒரே எக்செல் ஷீட்டில் இருக்கும். அந்த ஷீட் எல்லாருடைய கணினியிலும் திறக்கும். அவசரத்துக்கு வாட்ஸ்அப்பிலும் போகும்.

இதனால் பாஸ்வேர்டு திருட்டுப் போகலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. தெரியாத ஆபத்து இன்னொன்று: ஏதாவது தவறு நடந்தால், செய்தது யார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு உதாரணம்

ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 9 பேர் வேலை செய்கிறார்கள், 120 வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவருக்கும் ஜிஎஸ்டி, இ-வே பில், வருமான வரி என மூன்று லாகின். மொத்தம் 360 பாஸ்வேர்டு.

அதில் ஒரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் 10ஆம் தேதி தாக்கல் ஆகிறது. விற்பனை விவரங்களைச் சொல்லும் மாதாந்தரப் படிவம் இது. அவர் விற்காத 18 லட்சம் ரூபாய் சரக்குக்கான பில்களும் அதில் ஏறியிருக்கின்றன. 18 சதவீத வரி என்றால் 3,24,000 ரூபாய். பில்லில் 'வாங்கியவர்' என்று இருக்கும் நிறுவனம் அந்தத் தொகையை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளப் பார்க்கும். கட்ட வேண்டியவர் நம் வாடிக்கையாளர்.

அவருக்கு இது எப்போது தெரியவரும்? ஜிஎஸ்டிஆர்-1இல் ஏறியது, வரி கட்டும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பியில் தானாகவே வந்து நிற்கும். 20ஆம் தேதி நெருங்கும்போது, "என்னங்க, இந்த மாசம் இவ்வளவு வரி வருது?" என்று கேட்டால் மாட்டிக்கொள்ளும். 3பி தாக்கல் ஆவதற்கு முன் கண்டுபிடித்தால், ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற படிவம் வழியாக அதே மாதக் கணக்கைத் திருத்தலாம். அதற்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிடும்.

இப்போது கேள்வி: அந்த பில்களை ஏற்றியது யார்? ஜிஎஸ்டி தளத்தைப் பொறுத்தவரை பதில் ஒன்றுதான், அந்த வாடிக்கையாளர். லாகின் அவருடையது. 9 பேரில் யார் அதைப் பயன்படுத்தினாலும் பதிவாவது அதே யூசர் ஐடிதான்.

சட்டமும் அவர் பக்கம் நிற்காது. ஜிஎஸ்டி சட்டத்தின் 48(3) பிரிவின்படி, வரி ஆலோசகர் வழியாகத் தாக்கல் செய்தாலும், விவரங்கள் சரியாக இருப்பதற்குப் பொறுப்பு வரி செலுத்துபவருக்கே.

தாக்கல் செய்ய ஓடிபி வேண்டாமா?

வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து இல்லாதவர்கள் பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்துத்தான் தாக்கல் செய்கிறார்கள். ஆனால் அந்த மொபைல் எண் யாருடையது?

ஜிஎஸ்டி பதிவின்போது இடைத்தரகர்கள் தங்கள் சொந்த மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டதாகவும், பிறகு லாகின் விவரங்களை வாடிக்கையாளரிடம் தர மறுப்பதாகவும் 2018ஆம் ஆண்டிலேயே புகார்கள் வந்தன. அதனால் வரி அதிகாரியை அணுகி எண்ணை மாற்றிக்கொள்ளும் நடைமுறையை மத்திய நிதி அமைச்சகம் அறிவிக்க வேண்டியிருந்தது. எண் அலுவலகத்துடையது என்றால், ஓடிபி என்ற இரண்டாவது பூட்டின் சாவியும் அதே மேசையில்தான் இருக்கிறது.

எண் உங்களுடையதாக இருந்தாலும் சிக்கல் வரலாம். "சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்று மாதாமாதம் அழைப்பு வந்தால், எதற்கு என்று கேட்காமலே சொல்லப் பழகிவிடுவோம். மோசடிக்காரருக்கு வேண்டியது அந்தப் பழக்கம்தான்.

முதல் வழி: பாஸ்வேர்டு கொடுக்காமல் அனுமதி கொடுப்பது

அரசுத் தளங்களிலேயே இதற்கு வசதி இருக்கிறது. பலர் பயன்படுத்துவதில்லை.

இ-வே பில் தளத்தில் முதன்மைப் பயனர் துணைப் பயனர்களை உருவாக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனி ஐடி, தனி மொபைல் எண். யார் பில் உருவாக்கலாம், எந்தக் கிளைக்கு மட்டும் என்றெல்லாம் வரையறுக்கலாம். வேலையை விட்டுப் போனால் அந்த ஐடியை மட்டும் முடக்கினால் போதும். 2025 ஏப்ரல் 1 முதல் இந்தத் தளத்தில் எல்லாருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயமாகியிருப்பதால், ஒரே லாகினைப் பலர் பகிர்வது இப்போது வேலைக்கே இடைஞ்சல். துணைப் பயனருக்கு ஓடிபி அவருடைய மொபைலுக்கே வந்துவிடும்.

ஜிஎஸ்டி தளத்தில், பதிவு பெற்ற ஜிஎஸ்டி ஆலோசகரை நீங்கள் உங்கள் லாகினிலிருந்து நியமிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். அவர் தன் சொந்த லாகினில் நுழைந்து உங்கள் வேலையைச் செய்வார். வருமான வரித் தளத்தில் ஆடிட்டரை உங்கள் கணக்கில் சேர்த்து, குறிப்பிட்ட தணிக்கைப் படிவத்தை ஒப்படைக்கலாம். அவர் தன் லாகினில் அதைப் பதிவேற்றுவார். நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது முழுமையடையும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆலோசகருக்கு இருப்பது ஒரே லாகின். அதை அவர் தன் 8 ஊழியர்களுக்கும் கொடுத்தால், பழைய சிக்கல் ஒரு படி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

பகிர்ந்தே தீர வேண்டும் என்றால்?

அங்கேதான் பாஸ்வேர்டு மேனேஜர் மென்பொருளின் நிறுவனப் பதிப்பு தேவைப்படுகிறது. எக்செல் ஷீட்டைக் கொண்டுபோய் அதில் அப்படியே கொட்டினால் பலன் இல்லை. செய்ய வேண்டியது மூன்று.

ஒன்று, வாடிக்கையாளர்களைப் பிரிப்பது. நம் அலுவலகத்தில் ரிட்டர்ன் வேலை பார்ப்பவர்கள் 6 பேர் என்றால், 120 பேரை 20 பேர் கொண்ட 6 தொகுப்புகளாக்கலாம். ஒவ்வொருவருக்கும் தன் தொகுப்பு மட்டும் தெரியும். யாராவது விடுப்பில் போனால் அந்த நாட்களுக்கு மட்டும் இன்னொருவருக்குத் திறந்துவிட்டு, பிறகு மூடிவிட வேண்டும். மூட மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஆறு மாதத்தில் எல்லாருக்கும் எல்லாமே திறந்திருக்கும்.

இரண்டு, ஊழியர் ஒவ்வொருவரும் தன் பெயரில், தன் மொபைலின் இரண்டாவது சரிபார்ப்புடன் மேனேஜருக்குள் நுழைவது. 'ஆபீஸ்' என்று ஒரு பொது ஐடி வைத்தால் எல்லாம் வீண்.

மூன்று, மொத்தப் பட்டியலையும் கோப்பாக இறக்கும் அனுமதியை உரிமையாளர் தவிர மற்றவர்களுக்கு நிறுத்துவது.

பாஸ்வேர்டைக் காட்டாமலே நிரப்பும் வசதி பல மென்பொருட்களில் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் முழுதாக நம்ப வேண்டாம். பிரவுசர் அந்த பாஸ்வேர்டைத் தளத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதனால் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் அதை வெளியே எடுத்துவிட முடியும். ஒருவர் பயன்படுத்திய பாஸ்வேர்டை அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டாகவே கணக்கில் வையுங்கள்.

பதிவேடு என்ன சொல்லும்?

மேனேஜரில் யார், எப்போது, எதைத் திறந்தார் என்பது பதிவாகும். நம் உதாரணத்தில், அந்த 10ஆம் தேதியின் பதிவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
10-09 11:05  staff-2  client-031/GST  viewed
10-09 11:07  staff-2  client-031/GST  autofilled
10-09 21:40  staff-6  client-031/GST  copied
```

படிவம் தாக்கலானதாக எஸ்எம்எஸ் வந்தது இரவு 9:52க்கு. 31ஆம் எண் வாடிக்கையாளர் staff-2இன் தொகுப்பில் இருப்பவர். அப்படியானால் staff-6க்கு அந்தக் கதவு ஏன் திறந்திருந்தது? இரவு 9:40க்கு அவர் எதற்காக பாஸ்வேர்டை நகலெடுத்தார்?

இது அவர் குற்றவாளி என்பதற்கான ஆதாரம் அல்ல. அவருடைய கணினி பூட்டாமல் கிடந்திருக்கலாம். staff-2 காலையில் பார்த்த பாஸ்வேர்டை மனதில் வைத்துக்கொண்டு இரவில் நேரடியாக நுழைந்திருக்கலாம். மேனேஜருக்கு வெளியே நடப்பது இந்தப் பதிவேட்டில் வராது. ஆனால் 9 பேர் மீதும் விழுந்த சந்தேகம், இருவரிடம் கேட்க வேண்டிய சில கேள்விகளாகச் சுருங்கிவிட்டது.

பதிவேட்டை யாரும் படிக்காவிட்டால் அது இருந்தும் பயனில்லை. ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள் 11. 12ஆம் தேதி காலையில் உரிமையாளர் இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்தால் போதும்: தன் தொகுப்பில் இல்லாததை யார் திறந்தார்கள், அலுவலக நேரத்துக்கு வெளியே என்ன திறந்தது. 3பிக்கு முன் திருத்த இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கும்.

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும், அணைக்க முடியாத தணிக்கைத் தடம் இருக்க வேண்டும் என்பது விதி. அது இருக்கிறதா என்று சரிபார்த்துச் சான்று தருவது ஆடிட்டர்கள்தான். அதே அளவுகோலைத் தங்கள் பாஸ்வேர்டு பட்டியலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஊழியர் விலகும்போது

எக்செல் ஷீட் காலத்தில் ஒருவர் விலகினால், முறைப்படி 360 பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். நடைமுறையில் ஒன்றைக்கூட மாற்ற மாட்டார்கள்.

பதிவேடு இருந்தால் கணக்கு வேறு. விலகுபவர் தன் தொகுப்பில் 17 வாடிக்கையாளர்களையும், விடுப்பில் இருந்தவருக்குப் பதிலாக 5 பேரையும் திறந்திருக்கிறார். மொத்தம் 41 பாஸ்வேர்டு. முதலில் அவருடைய மேனேஜர் கணக்கை முடக்கிவிட்டு, பிறகு அந்த 41ஐ மட்டும் மாற்ற வேண்டும். ஒரு நாள் வேலைதான். ஆனால் அவர் சேர்ந்த நாளிலிருந்து பதிவு இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பழைய பதிவுகளை மென்பொருள் எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று முன்பே பார்த்து, மாதாமாதம் இறக்கித் தனியாகச் சேமிப்பது நல்லது.

வாடிக்கையாளராக நீங்கள் என்ன செய்யலாம்?

ஜிஎஸ்டி தளத்தில் நுழைந்து, பதிவில் இருக்கும் மொபைல் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள். ஓடிபி கேட்டு அழைப்பு வந்தால், எந்தப் படிவம், எந்த மாதம், எவ்வளவு தொகை என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். 11ஆம் தேதிக்குப் பிறகு ஒருமுறை உங்கள் ஜிஎஸ்டிஆர்-1ஐத் திறந்து, மொத்த விற்பனைத் தொகையை உங்கள் பில் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள்.

அடுத்த முறை ஆடிட்டரைப் பார்க்கும்போது இதையும் கேளுங்கள்: "சார், போன மாசம் என் கணக்கை உங்க ஆபீஸ்ல யார் யார் திறந்தாங்கன்னு சொல்ல முடியுமா?" பதில் பெயர்களாக வந்தால் அங்கே பதிவேடு இருக்கிறது. "நம்ம பசங்கதான்" என்று வந்தால், எக்செல் ஷீட் இன்னும் இருக்கிறது.