கேட் தேர்வில் படக் கேள்வியும் கால்குலேட்டரும்

பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வு 3 மணி நேரம் கணினியில் நடக்கிறது. அதன் ஒருங்கிணைப்பாளர்கள் தரும் அறிவிப்பில் கைக்கடிகாரம், கைபேசி, கால்குலேட்டர் எதுவும் உள்ளே வரக்கூடாது என்றிருக்கும். கணக்குப் போடத் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் உண்டு. அதை மவுஸால்தான் அழுத்த வேண்டும். எழுதிப் பார்க்கத் தாள் கட்டு ஒன்றும் கிடைக்கும். இந்த விதியின் பாதிப்பு படக் கேள்விகளில்தான் அதிகம்.

30 டிகிரி சாய்தளத்தில் 100 நியூட்டன் எடையுள்ள ஒரு கட்டை நிற்பதுபோல் படம் இருக்கிறது என்று கொள்வோம். எடை கட்டையைச் சரிவின் வழியே இழுக்கும் விசை எவ்வளவு? படத்தில் சரிவு 45 டிகிரிபோலத் தெரிந்தாலும் அதன்மேல் எழுதியுள்ள எண்ணே கணக்கு. ஆகவே 100-ஐ sin 30 ஆல் பெருக்க 50 நியூட்டன் வரும். திரைக் கால்குலேட்டர் Deg-க்குப் பதில் Rad நிலையில் இருந்தால் −98.8 என்று காட்டும். இங்கே மைனஸ் குறி தவற்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது; வேறு கோணத்தில் நம்பும்படியான எண்ணாகவே வந்து ஏமாற்றிவிடும். sin 30 போட்டு 0.5 வருகிறதா என்று தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

படம் பெரிதாக இருந்தால் கேள்வியின் கடைசி வரி திரைக்குக் கீழே மறைந்திருக்கலாம். விடையை எந்த அலகில் தர வேண்டும் என்பது பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும். எண் விடைக் கேள்விகளில் அந்த எண்ணையும் திரை விசைப்பலகையில்தான் அழுத்த வேண்டும்.