எலக்ட்ரானுக்குக் கொடுத்த ஆற்றல் எங்கே போனது?

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வில்லியம் பெர்டோஸி என்ற இயற்பியலாளர் எலக்ட்ரான்களுக்கு ஓர் ஓட்டம் வைத்தார். காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் 8.4 மீட்டர் தூரம். தொடக்கத்தில் ஒரு மின் துடிப்பு, மறுமுனையில் எலக்ட்ரான்கள் அலுமினியத் தட்டில் மோதும்போது இன்னொரு துடிப்பு. இரண்டுக்கும் நடுவே கழிந்த நேரத்தை ஆசிலோஸ்கோப் திரையில் அளந்துகொள்ளலாம். கம்பியில் ஓடிவர மின் துடிப்புக்கும் நேரம் ஆகும் என்பதால் இரு முனைகளிலிருந்தும் ஒரே நீளக் கம்பிகளைத் திரைவரை இழுத்திருந்தார்.

ஒளி அந்த 8.4 மீட்டரைக் கடக்க 28 நானோ நொடி ஆகும். நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துண்டுதான் நானோ நொடி.

முதலில் எலக்ட்ரான்களை ஐந்து லட்சம் வோல்ட் மின்னழுத்தத்தால் உந்தினார். அப்படி உந்தப்பட்ட எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் 0.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். பள்ளியில் படித்த ½mv² கணக்குப்படி பார்த்தால், அது ஒளியைப் போல 1.4 மடங்கு வேகத்தில் பறந்து 20 நானோ நொடியில் மறுமுனையைத் தொட்டிருக்க வேண்டும். ஆனால் 32.3 நானோ நொடி ஆயிற்று. அதாவது நொடிக்கு 26 கோடி மீட்டர், ஒளியைவிடக் குறைவு.

பிறகு ஆற்றலைப் படிப்படியாக ஏற்றினார். 4.5 மில்லியனில், அதாவது ஒன்பது மடங்கு ஆற்றலில், பழைய கணக்கு மூன்று மடங்கு வேகத்தை எதிர்பார்க்கிறது. கிடைத்ததோ நொடிக்கு 29.6 கோடி மீட்டர். கடைசியாக 15 மில்லியன். நியூட்டனின் கணக்கில் எலக்ட்ரான் 4 நானோ நொடிக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். திரையில் தெரிந்தது 28. ஒளிக்கு ஆகும் அதே நேரம்.

இந்த இடத்தில் நியாயமான சந்தேகம் ஒன்று எழும். வேகமாக ஓடும் எலக்ட்ரானை மின்புலத்தால் சரியாக உந்த முடியாமல் போகலாமே? நாம் கொடுத்ததாக நினைக்கும் ஆற்றல் அதற்குப் போய்ச் சேரவே இல்லை என்றால், வேகம் கூடாததில் வியப்பில்லை. இந்தப் பரிசோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பெர்டோஸி இதற்குத் தேடிய விடைதான். எலக்ட்ரான்கள் மோதும் அலுமினியத் தட்டு எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். தட்டில் சேர்ந்த மின்னூட்டத்தைக் கொண்டு எத்தனை எலக்ட்ரான்கள் வந்தன என்றும் கணக்கிட்டார். வெப்பத்தை எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் எலக்ட்ரான் கொண்டுவந்த ஆற்றல் தெரிந்துவிடும். 1.5 மில்லியன் கொடுத்தபோது தட்டு காட்டியது 1.6, 4.5 கொடுத்தபோது 4.8. அளவீட்டுப் பிழையின் வரம்புக்குள் இரண்டும் ஒத்துப்போயின. கொடுத்த ஆற்றல் முழுவதும் எலக்ட்ரானிடம்தான் இருந்தது. அது வேகமாக மட்டும் மாறவில்லை.

ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் 1905லேயே இதற்கான கணக்கைக் கொடுத்திருந்தது. அதை இரண்டு வரிகளில் எழுதலாம்:

E² = (pc)² + (mc²)²

v/c = pc/E

இங்கே E மொத்த ஆற்றல், p உந்தம், m நிறை, c ஒளியின் வேகம். முதல் வரி பித்தாகரஸ் தேற்றத்தைப் போலவே இருக்கிறது. ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். அதன் குத்துப் பக்கம் mc². பொருள் அசையாமல் இருக்கும்போதும் அதனிடம் உள்ள ஆற்றல் இது. எலக்ட்ரானுக்கு இது 0.511 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். எவ்வளவு உந்தினாலும் மாறாது. இன்னொரு பக்கம் pc. உந்த உந்த நீண்டுகொண்டே போகும். கர்ணம் மொத்த ஆற்றல். இரண்டாவது வரி சொல்வது, ஒளியோடு ஒப்பிட்டால் பொருளின் வேகம் என்பது pc பக்கத்துக்கும் கர்ணத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே என்பதை.

பெர்டோஸியின் முதல் எலக்ட்ரானை இதில் வைத்துப் பார்ப்போம். அசையாநிலை ஆற்றல் 0.511, கொடுத்தது 0.5, கர்ணம் 1.011. தேற்றப்படி மற்றப் பக்கம் 0.872. வகுத்தால் 0.863, அதாவது நொடிக்கு சுமார் 25.9 கோடி மீட்டர். அளந்தது 26. இனி 15 மில்லியன் எலக்ட்ரான்: கர்ணம் 15.511, மற்றப் பக்கம் 15.503. வரைந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். விகிதம் 0.9995. இந்த எலக்ட்ரான் ஒளிக்கு 0.015 நானோ நொடி பின்னால்தான் வரும். பெர்டோஸி அனுப்பிய எலக்ட்ரான் கூட்டமே சில நானோ நொடி நீளம் கொண்டது என்பதால் அந்த வித்தியாசத்தை அவருடைய கருவி காட்டியிருக்க முடியாது.

செங்கோண முக்கோணத்தில் எந்தப் பக்கமும் கர்ணத்தை எட்டாது. குத்துப் பக்கம் துளியளவேனும் இருக்கும்வரை கர்ணம் ஒரு துளி நீளமாகவே இருக்கும். நிறை உள்ள பொருள் ஒளியின் வேகத்தை அடைய முடியாததன் காரணம் முழுவதும் இதுதான். வெளியிலிருந்து எதுவும் அதைத் தடுக்கவில்லை. 0.99 என்ற வேகத்திலிருந்து 0.999க்குப் போக மொத்த ஆற்றல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் தேவை, 0.9999க்குப் போக மறுபடியும் மூன்று மடங்குக்குமேல். இப்படி ஒவ்வொரு 9க்கும் விலை பெருகிக்கொண்டே போகும், விகிதம் 1ஐத் தொடுவதற்கு முடிவற்ற ஆற்றல் வேண்டும். ஒளித்துகளுக்கோ நிறை இல்லை. குத்துப் பக்கமே கிடையாது என்பதால் pcயும் Eயும் ஒன்றாகி, அது எப்போதும் cயில்தான் ஓடும். அதைவிட மெதுவாக ஓட அதற்கு வழியே இல்லை.

வேகம் கூடுவது ஏறத்தாழ நின்றுபோன பிறகும் உந்தம் வளர்கிறது என்பதை ஜெனீவா அருகே செர்ன் நிலையத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவியில் ஒவ்வொரு முறை புரோட்டான்களை முடுக்கும்போதும் பார்க்கலாம். 27 கிலோமீட்டர் வளையத்துக்குள் நுழையும்போது புரோட்டானின் ஆற்றல் 450 பில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அப்போதே அது ஒளியைவிட நொடிக்கு 650 மீட்டர்தான் பின்தங்கியிருக்கிறது. அங்கிருந்து ஆற்றலை 6,800 பில்லியனுக்கு, ஏறத்தாழ பதினைந்து மடங்கு, ஏற்றுகிறார்கள். அதன் வேகத்தில் கூடுவது அந்த 650 மீட்டரில் பெரும்பகுதி. 30 கோடி மீட்டருக்கு முன் அது ஒன்றுமே இல்லை. அதனால் புரோட்டான்களை உந்தும் மின்காந்த அலையின் அதிர்வெண்ணை, 40 கோடி ஹெர்ட்ஸில், சில நூறு ஹெர்ட்ஸ் மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் வளையத்தில் அவற்றை வளைத்துப் பிடித்திருக்கும் காந்தங்களின் கதை வேறு. வளைப்பதற்கு வேண்டிய காந்தப்புலம் உந்தத்தைப் பொறுத்தது. 1,232 மீக்கடத்திக் காந்தங்களின் புலத்தையும் 0.54 டெஸ்லாவிலிருந்து 8 டெஸ்லாவுக்கு, அதே பதினைந்து மடங்கு, உயர்த்திக்கொண்டே வர வேண்டும். வேகம்தான் கூடவில்லையே என்று காந்தத்தை அப்படியே விட்டுவிட்டால் புரோட்டான்கள் பாதையை விட்டு விலகி வெளிச்சுவரில் மோதிவிடும்.

முழு ஆற்றலை எட்டியபோது புரோட்டான் ஒளிக்குப் பின்னால் நொடிக்கு 3 மீட்டருக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் ஓடுகிறது. இன்னொரு பெரிய முடுக்கி கட்டி ஆற்றலை இரட்டிப்பாக்கினால் அந்த இடைவெளி கால் பங்காகி 70 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். மறுபடியும் இரட்டித்தால் 18 சென்டிமீட்டர்.