பிரிந்த பங்குதாரருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம்

கோவையில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு லேத் பட்டறை நடத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பட்டறைக்குள் மெஷின், ஆட்கள், டிராயிங் எல்லாவற்றையும் பார்த்தார். இன்னொருவர் கணக்கு வழக்கையும் வசூலையும் பார்த்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிரிந்தார்கள். பட்டறையைப் பார்த்தவர் தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறார். மாதம் 5,000 மோட்டார் ஷாஃப்ட் கடைந்து தரும் ஆர்டரை அவருக்குக் கொடுக்கலாமா என்று ஒரு பம்ப் கம்பெனி யோசிக்கிறது. இரும்புக் கம்பியையும் கம்பெனியே வாங்கிக் கொடுக்கும். ஆகவே, பழைய பங்குதாரரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்கிறார் பர்ச்சேஸ் மேனேஜர்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பழைய வாடிக்கையாளருக்குத் தெரிந்தது வந்து சேர்ந்த சரக்கு மட்டுமே. அது எந்த நிலையில், எத்தனை பதற்றத்தோடு, யாருடைய உழைப்பில் தயாரானது என்பது கூட இருந்த பங்குதாரருக்குத்தான் தெரியும். ஆனால் அவருக்குப் பழைய மனஸ்தாபம் இருக்கலாம், பழைய பாசமும் இருக்கலாம். பிரிந்தவர் இன்னும் பணம் தர வேண்டியிருந்தால், அவருக்கு ஆர்டர் கிடைப்பதில் கடிதம் எழுதுபவருக்கே ஆதாயம் உண்டு. மேனேஜர் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் கடிதத்தைப் படிப்பார்.

நல்ல வார்த்தை நாலு எழுதிக் கொடுத்தால் என்ன வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 1789-இல் தீர்ப்பான பாஸ்லி எதிர் ஃப்ரீமன் வழக்கு அதற்குப் பதில் சொல்கிறது. கோச்சினீல் என்ற சாயப்பொருளை விற்ற வியாபாரிகள், ஃபால்ச் என்பவருக்குக் கடன் தரலாமா என்று ஃப்ரீமனிடம் விசாரித்தார்கள். தாராளமாகத் தரலாம் என்றார் அவர். பதினாறு மூட்டைச் சரக்கு கைமாறியது. மதிப்பு 2,600 பவுனுக்கு மேல். பணம் வரவில்லை. தெரிந்தே பொய் சொல்லி ஒருவரை நம்ப வைத்தால், சொன்னவருக்கு அதில் காசு லாபம் இல்லாவிட்டாலும் நஷ்டத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம்.

பொய் சொல்லாமல் அஜாக்கிரதையாகச் சொன்னால்? 1963-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஹெட்லி பைர்ன் வழக்கு இதைப் பேசியது. ஈசிபவர் என்ற கம்பெனிக்காகத் தன் பொறுப்பில் விளம்பரங்களுக்கு ஏற்பாடு செய்த ஒரு விளம்பர நிறுவனம், அந்தக் கம்பெனியின் நிதிநிலை எப்படி என்று தன் வங்கி மூலம் ஈசிபவரின் வங்கியைக் கேட்டது. வழக்கமான வியாபாரத்துக்கு நல்ல கம்பெனிதான் என்று பதில் வந்தது. ஈசிபவர் நொடித்துப்போக, விளம்பர நிறுவனத்துக்குப் பதினேழாயிரம் பவுனுக்கு மேல் நஷ்டம். தன் சொல்லை நம்பித்தான் ஒருவர் நடக்கப்போகிறார் என்று தெரிந்து தகவல் தருபவருக்கு, அதைக் கவனத்தோடு தரும் கடமை உண்டு என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனாலும் வங்கி தப்பித்தது. தங்கள் பொறுப்பு எதுவும் இல்லாமல் தரப்படும் தகவல் என்று அது முதலிலேயே எழுதியிருந்தது.

இந்தியாவில் பழைய பங்குதாரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1932-ஆம் ஆண்டு இந்தியப் பங்காண்மைச் சட்டப்படி, கூட்டு கலைந்ததற்கோ ஒருவர் விலகியதற்கோ பொது அறிவிப்பு தராவிட்டால், பிறகு நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் பழையவர்மீது பொறுப்பு தொடரக்கூடும். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவிப்பதோடு, அரசிதழிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வர வேண்டும். பல சிறு பட்டறைகளில் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. தன்னைப் பங்குதாரர் என்று பேச்சாலோ எழுத்தாலோ காட்டிக்கொள்பவர், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்குப் பங்குதாரர் போலவே பொறுப்பாவார். பழைய கூட்டுத் தொழிலின் லெட்டர்பேடில், ‘நாங்கள்’ என்று தொடங்கி, பிரிந்த தேதியைச் சொல்லாமல் எழுதும் கடிதம் இந்தச் சந்தேகத்துக்கு வழிவிடும். ஆகவே சொந்தப் பெயரிலோ இப்போதைய நிறுவனத்தின் பெயரிலோதான் எழுத வேண்டும்.

‘அவருக்கு நான் பொறுப்பு’ என்று பேச்சுவாக்கில் சொல்வதுகூட ஆபத்து. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு ஜாமீனை எழுத்திலும் தரலாம், வாய்மொழியாகவும் தரலாம் என்கிறது.

இவற்றை மனதில் வைத்து, நம் கோவைக்காரர் முதலில் பழைய பங்குதாரரையே கூப்பிட்டு, ஆர்டர் எவ்வளவு, என்ன வேலை என்று கேட்டுக்கொள்கிறார். பிறகு குறிப்பிட்ட பம்ப் கம்பெனியின் மேனேஜருக்கே முகவரியிட்டு எழுதுகிறார். ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று பொதுவாக எழுதினால், அந்தக் கடிதம் நாளை எந்தக் கடன் மனுவோடு இணைக்கப்படும் என்று தெரியாது. அவர் எழுதியது இப்படி இருக்கிறது:

“நானும் அவரும் 2014 ஏப்ரல் முதல் 2022 மார்ச் 31 வரை பங்குதாரர்களாக இருந்தோம். அன்று இருவர் சம்மதத்தோடும் கூட்டைக் கலைத்துக்கொண்டோம். அவருடைய இப்போதைய தொழிலில் எனக்குப் பங்கு இல்லை. எங்களுக்குள் பண பாக்கியும் இல்லை. பட்டறை வேலை முழுவதும் அவர் கையில் இருந்தது. மாதம் 1,500 வரை மோட்டார் ஷாஃப்ட் செய்தோம். திரும்பி வந்தவை நூற்றுக்கு ஒன்றைத் தாண்டியதில்லை. அளவில் சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு வாடிக்கையாளரைக் கூப்பிடுவார். தீபாவளியை ஒட்டி ஆட்கள் ஊருக்குப் போகும்போது இரண்டு முறை பத்து நாள் வரை தாமதமாயிற்று. இரண்டு முறையும் முன்கூட்டியே தெரிவித்தார். மாதம் 5,000 என்ற அளவில் அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. வரவு செலவு என் பொறுப்பில் இருந்ததால், அவர் பணம் கையாளும் விதம் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. இது நான் நேரில் கண்டது மட்டுமே, ஜாமீன் அல்ல.”

இதில் ‘நேர்மையானவர்’, ‘கடின உழைப்பாளி’ போன்ற வார்த்தை எதுவும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவார் என்ற ஒரு வரி அதைவிட அதிகம் சொல்கிறது. தாமதத்தை மறைக்காததால் தரத்தைப் பற்றிச் சொன்னதும் நம்பும்படி இருக்கிறது. 5,000 பற்றிய வரி ஆர்டரைக் கெடுத்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஈசிபவரின் வங்கிகூட, நீங்கள் கேட்கும் தொகை நாங்கள் வழக்கமாகப் பார்ப்பதைவிடப் பெரியது என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு வரியைப் படிக்கும் மேனேஜர், முதல் மூன்று மாதம் 1,500 கொடுத்துப் பார்ப்போம், கம்பியையும் அந்த அளவுக்கே அனுப்புவோம் என்று ஆர்டரைப் பிரித்துக்கொள்ளலாம்.

பழைய வாடிக்கையாளர்களின் பெயரோ ரேட்டோ கடிதத்தில் இல்லை. அவை அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாதவை. ஏன் பிரிந்தார்கள் என்ற கதையும் இல்லை. ஆனால் பிரிவுக்குக் காரணம் பணத்தில் நடந்த கையாடல் என்றால், பட்டறைத் திறமையை மட்டும் புகழ்ந்து எழுதுவது பாதி உண்மையாகிவிடும். வாங்குபவரின் கம்பி அங்கேதான் போய்ச் சேரப்போகிறது. அப்போது கடிதமே தர இயலாது என்று பழைய பங்குதாரரிடம் நேராகச் சொல்லிவிடுவதே வழி.

கடிதம் போன பிறகு மேனேஜரிடமிருந்து போன் வரும். “எழுதினது இருக்கட்டும் சார், உங்க வேலைன்னா அவர்கிட்ட கொடுப்பீங்களா?” என்று கேட்பார். எழுத்தில் நிதானமாக இருந்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் உற்சாகத்தில் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நம் கோவைக்காரர், “1,500 வரைக்கும் கொடுப்பேன் சார், அதுக்கு மேல கொடுக்கிறதுக்கு முன்னாடி அவர் பட்டறையில இப்போ எத்தனை மெஷின் ஓடுதுன்னு போய்ப் பார்ப்பேன்” என்கிறார். பேசிய தேதியையும் சொன்னதையும் கடித நகலின் பின்புறம் குறித்து ஃபைலில் வைக்கிறார்.