குழிந்த நகமும் கேட்கப்படாத கேள்வியும்

தோல் மருத்துவர்கள் சிலர் நகத்தைப் பார்க்கும்போது அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். நல்ல நகம் மேல்நோக்கி லேசாக வளைந்திருப்பதால் சொட்டு வழிந்து ஓடிவிடும். குழிந்த நகத்தில் அது அப்படியே தேங்கி நிற்கும். கரண்டி நகம் என்று சொல்லப்படுவது இதுதான். ஒரே நாளில் யாருக்கும் நகம் குழிந்துவிடுவதில்லை. முதலில் மெலிகிறது, நுனி பிளந்து துணியில் மாட்டுகிறது, பிறகு தட்டையாகிறது, கடைசியில்தான் குழி விழுகிறது. கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் இது சீக்கிரம் தெரியும்.

நகம் குழிந்தாலே இரும்புச்சத்துக் குறைவு என்று முடிவு கட்டிவிட முடியாது. கைக்குழந்தைகளின் கால் நகம் இயல்பாகவே இப்படி இருந்து, வளர வளரச் சரியாகிவிடும். பெட்ரோல், தின்னர் போன்றவற்றில் நாள் முழுக்கக் கை வைப்பவர்களுக்கும் நகம் குழியலாம். இரும்புச்சத்து குறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு நகம் குழிவதே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் நகத்தோடு தோல் வெளுப்பும் முடி உதிர்வும் சேர்ந்துவிட்டால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

வெளுப்பைத் தேட வேண்டிய இடம் முகம் அல்ல. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கீழ் இமையை மெல்ல இழுத்தால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். உள்ளங்கை, நாக்கு, நகத்தின் அடிப்பகுதி ஆகியவையும் வெளிறியிருக்கின்றனவா என்று பார்க்கலாம். முடி, வகிடு ஓரத்தில் மட்டுமின்றித் தலை முழுக்கச் சீராகக் குறையும். சீப்பில் கொத்தாக வரும். தைராய்டுக் கோளாறு, பிரசவம், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் வந்துபோன கடும் காய்ச்சல் இவற்றாலும் இப்படி உதிரும் என்பதால், முடியை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது தவறு.

ஓர் எடுத்துக்காட்டு. பின்னலாடைத் தொழிற்கூடத்தில் வேலை செய்யும் 38 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஓராண்டாக முடி கொட்டுகிறது. எண்ணெயை மாற்றினார், பயோட்டின் மாத்திரை வாங்கினார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அரிசி புடைக்கும்போது ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பச்சரிசி, பல்பம், சாம்பல், ஐஸ் கட்டி இவற்றின் மேல் வரும் இந்த அடங்காத ஆசை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. கெட்ட பழக்கம் என்று திட்டுதான் விழும்.

அவரிடம் யாரும் கேட்காத கேள்வி மாதவிலக்கு பற்றியது. எட்டு நாள் போகிறது. முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், இரவில் இரண்டு சேர்த்து, கட்டி கட்டியாகவும் வருகிறது. 'எல்லாருக்கும் இப்படித்தானே இருக்கும்' என்று அவர் நம்புகிறார். 1 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் இரும்பு போய்விடும். உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதோ 1 முதல் 2 மில்லிகிராம் வரைதான். ரத்தம் ஊற எல்லாரும் சொல்லும் பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. அதிலும் சிறு பங்குதான் உடலில் சேரும்.

அவருடைய பரிசோதனை முடிவு இப்படி இருக்கலாம்: ஹீமோகுளோபின் 8.9 (கருவுறாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும்), சிவப்பணுவின் அளவு 66 (80க்கு மேல் இருக்க வேண்டும்), ஃபெரிட்டின் 4. மூன்றாவது எண்தான் இங்கே முக்கியம். ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. அது 15க்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சலோ வீக்கமோ இருக்கும்போது இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிவப்பணு சிறுத்து, ஃபெரிட்டின் மட்டும் நன்றாக இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியாவா என்று பார்க்க வேண்டும். தலசீமியா உள்ளவர்களுக்கு மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பதில் பயன் இல்லை.

ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. தினமும் ஒன்றா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா என்பதை மருத்துவர் சொல்வார். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் ஓரிரு மணி நேரம் தள்ளியே. மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் நிறைய. அது இரும்பின் நிறம்தான். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் அது வேறு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரைப் பட்டை குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை, அல்லது ரத்தப்போக்கு நிற்கவில்லை, அல்லது குடல் இரும்பை எடுக்கவில்லை. எண் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். நகம் அடியிலிருந்து புதிதாக வளர்ந்து நுனிக்கு வர ஆறு மாதம் ஆகும்.

ரத்தப்போக்கை அடைக்காமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஸ்கேனில் நார்க்கட்டி இருக்கிறதா, தைராய்டு எப்படி என்று பார்த்த பின் ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, ஹார்மோன் மருந்து, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று வழிகள் இருக்கின்றன. இதையெல்லாம் சொல்லாமல் 'கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்' என்று நேரே அறுவைக்கு அழைப்பது இந்தியாவில் நீதிமன்றம் வரை போன விஷயம். தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. வேறு சிகிச்சை என்ன இருக்கிறது, அது ஏன் தனக்குப் பொருந்தாது என்று கேட்பதும், இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதும் பெண்ணின் உரிமை. கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி சொல்கிறது. தமிழ்நாட்டில் ஆலோசனைக்கும் புகாருக்கும் 104 என்ற எண் இருக்கிறது.

மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கோ ஓர் ஆணுக்கோ இதே நகமும் வெளுப்பும் வந்தால் தேடல் வயிற்றுப் பக்கம் திரும்ப வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கித் தின்னும் வலி மாத்திரையால் இரைப்பையில் புண் இருக்கலாம், குடலில் புற்றுநோயும் இருக்கலாம். இரண்டிலும் ரத்தம் கண்ணுக்குத் தெரியாமலே கசியும். மூலம் இருக்கிறது, அதில்தான் போகிறது என்று முடித்துவிடாமல், இரைப்பையையும் பெருங்குடலையும் எண்டோஸ்கோப்பியில் பார்த்தாக வேண்டும்.