முப்பதாம் நாள் இரவு

போனில் ஒரு படத்தை டெலீட் செய்கிறோம். கேலரியிலிருந்து மறைந்த படம் வேறொரு ஆல்பத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் ‘29 நாட்கள்’ என்று ஒரு கெடுவும் தெரிகிறது. ஐபோனிலும் ஜிமெயிலிலும் இந்தக் கெடு 30 நாள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்களுக்கு 60 நாள். கூகுள் டிரைவில் 2020 அக்டோபர் வரை கெடு என்பதே கிடையாது. குப்பைத்தொட்டியில் போட்டதை நாமே காலி செய்தால்தான் உண்டு. அந்த மாதத்திலிருந்து அங்கேயும் 30 நாள் ஆனது.

அந்தக் கெடு இரண்டு வாக்குறுதிகளைத் தருகிறது. அந்த நாளுக்கு முன்னால் எப்போது மனம் மாறினாலும் படம் திரும்பக் கிடைக்கும். அந்த நாள் கடந்தபின் படம் உண்மையிலேயே இருக்காது. முதல் வாக்கை மீறினால் யாரோ ஒருவர் தன் குழந்தையின் படத்தை இழக்கிறார். இரண்டாவதை மீறினால், ஒருவர் வேண்டாம் என்று முடிவுசெய்த அந்தரங்கம் அவருக்குத் தெரியாமலே எங்கோ கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றுவது, பார்க்கத் தெரிவதைவிடக் கடினமான வேலை.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு சின்ன போட்டோ சேவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் டேட்டாபேஸில் ஒரு வரி இருக்கும்: படத்தின் எண், யாருடையது, எப்போது எடுத்தது, இப்போது என்ன நிலை. டெலீட்டை அழுத்தியதும் அந்த வரி அழிவதில்லை. நிலை என்ற இடத்தில் ‘குப்பையில்’ என்று எழுதப்படுகிறது. பக்கத்தில் purge_after என்ற இடத்தில் ஒரு தேதியும் நேரமும் பதிகின்றன. அவ்வளவுதான். இதைத்தான் மென்பொருள்காரர்கள் சாஃப்ட் டெலீட் என்கிறார்கள். கேலரி திரை ‘குப்பையில் இல்லாதவற்றை மட்டும் கொடு’ என்று கேட்பதால் படம் நம் கண்ணில் படுவதில்லை. இப்படிக் கேட்க ஏதாவது ஒரு திரை மறந்துவிட்டால், அழித்த படம் தேடலில் தலைகாட்டும். ‘சென்ற ஆண்டு இதே நாள்’ என்று நினைவூட்டலாகவும் வந்து நிற்கும்.

தேதியை ஏன் அந்த வரியிலேயே எழுதிவைக்க வேண்டும்? அழித்த நாளை மட்டும் குறித்துக்கொண்டு, இரவில் ஓடும் வேலை ‘30 நாள் தாண்டியவை எவை’ என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். பல இடங்களில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. சேமிப்புச் செலவைக் குறைக்க நிர்வாகம் ஒருநாள் 30 என்பதை 7 ஆக்குகிறது. நிரலில் ஓர் எண்தான் மாறுகிறது. அன்றிரவே, எட்டு நாளிலிருந்து இருபத்தொன்பது நாள்வரை குப்பையில் இருந்த எல்லாப் படங்களும் ஒட்டுமொத்தமாக ஒழிந்துபோகும். அவற்றை அழித்தவர்களுக்குத் திரையில் காட்டியது 30 நாள். தேதி வரியிலேயே இருந்தால் புதிய விதி புதிதாக அழிப்பவற்றுக்கு மட்டும் பொருந்தும். பழையவர்களுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கும். ஒரு படம் வழக்கில் சாட்சியாகிவிட்டது என்றால் அதன் தேதியை மட்டும் தள்ளிவைக்கவும் முடியும்.

அந்தத் தேதியில் மணியும் நிமிடமும் இருக்க வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்த்துவிடலாம். 2025 ஜனவரி 31, இரவு 11.50. ஒருவர் தூங்கப்போகும் முன் 4182 என்ற எண்ணுள்ள படத்தை அழிக்கிறார். 30 நாள் கழித்து என்றால் மார்ச் 2, இரவு 11.50. நீக்கும் வேலை தினமும் அதிகாலை 2 மணிக்கு ஓடுகிறது. நேரத்தோடு குறித்திருந்தால் மார்ச் 3 அதிகாலையில் படம் போகும். சொன்னதைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. வெறுமனே ‘மார்ச் 2’ என்று குறித்திருந்தால் மார்ச் 2 அதிகாலை 2 மணிக்கே போய்விடும். அன்று மாலை நினைவு வந்து தேடுகிறவருக்கு இன்னும் சில மணி நேரம் பாக்கி இருக்கிறது, படம் இல்லை. சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொதுநேரத்தில் ஓடுவதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். எங்கே சந்தேகம் வந்தாலும் பயனருக்குச் சாதகமாகவே கணக்கை முடிக்க வேண்டும்.

இனி அந்த இரவு வேலை. பயன்பாடு குறைந்திருக்கும் நேரம் என்பதால்தான் இரவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கெடு முடிந்த வரிகளைத் தேடி எடுத்து, ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து நீக்குகிறது. மொத்தமாக ஒரே மூச்சில் நீக்கினால் டேட்டாபேஸ் திணறும். உண்மையான சிக்கல் வேறு. வேலை பட்டியலை எடுத்துவிட்டது. அதில் 4182 இருக்கிறது. அதே நொடியில் அந்த மனிதர் விழித்துக்கொண்டு ‘மீட்டெடு’ என்பதை அழுத்துகிறார். படம் திரும்பிவிட்டதாகத் திரை சொல்கிறது. வேலையோ கையிலிருக்கும் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு படத்தை அழித்துவிடுகிறது.

இதைத் தடுக்க நடுவில் மூன்றாவதாக ஒரு நிலை தேவைப்படுகிறது. இரவு வேலை எதையும் அழிப்பதற்கு முன் இப்படிக் குறிக்கிறது:

```sql
UPDATE photos SET state = 'purging'
WHERE state = 'trashed'
  AND purge_after < now();
```

மீட்டெடுக்கும் பொத்தான் செய்வது இது:

```sql
UPDATE photos
SET state = 'active', purge_after = NULL
WHERE id = 4182 AND state = 'trashed';
```

இரண்டுமே ‘trashed’ என்ற நிலையில் இருக்கும் வரியை மட்டும்தான் தொடும். ஒரே வரியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்ற டேட்டாபேஸ் விடாது. யார் முந்துகிறார்களோ அவர்கள் நிலையை மாற்றிவிடுவார்கள். பிந்தியவருக்கு மாற்ற எதுவும் இருக்காது. பொத்தான் பிந்தினால், மாற்றிய வரிகள் பூஜ்யம் என்று டேட்டாபேஸ் சொல்லும். அதைப் பார்த்து ‘கெடு முடிந்துவிட்டது’ என்று பயனரிடம் நேர்மையாகச் சொல்லலாம். கிடைக்காத படத்தைக் கிடைத்ததாகக் காட்டும் பொய்க்கு இடமில்லாமல் போகிறது.

குறித்த பிறகுதான் அழிப்பு. படத்தின் விவரம் ஒரு இடத்திலும், படக் கோப்பு வேறொரு சேமிப்பகத்திலும் இருப்பதால், எதை முதலில் அழிப்பது என்ற கேள்வி வருகிறது. கோப்பை முதலில், வரியைக் கடைசியில் என்பதே சரியான முறை. கோப்பு போனபின் மின்சாரமோ நெட்வொர்க்கோ காலை வாரினால், வரி ‘purging’ என்று மிச்சமிருக்கும். மறுநாள் இரவு அதைப் பார்த்து மிச்ச வேலையை முடித்துவிடலாம். வரியை முதலில் அழித்தால், கோப்பு யாருடையது என்று சொல்ல ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பயனரின் கண்ணுக்கு அது அழிந்த படம்.

இந்த இடைக்காலம் இல்லாமல் நேரடியாக அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலிய மென்பொருள் நிறுவனமான அட்லாசியனின் கதையைச் சொல்லலாம். 2022 ஏப்ரல் 5 அன்று, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய செயலியை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினார்கள். அதற்குக் கொடுத்த பட்டியலில் செயலியின் எண்களுக்குப் பதிலாக முழுத் தளங்களின் எண்கள் இருந்தன. அந்த ஸ்கிரிப்டில் இரண்டு முறைகள் உண்டு: அழிக்கக் குறித்துவைப்பது ஒன்று, நிரந்தரமாக அழிப்பது இன்னொன்று. ஓடியது இரண்டாவது. சுமார் 25 நிமிடங்களில் 883 தளங்கள் போய்விட்டன. 775 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். பேக்கப்பிலிருந்து எல்லோரையும் மீட்டெடுக்க இரண்டு வாரம் பிடித்தது. குறித்துவைக்கும் முறை ஓடியிருந்தால் பட்டியல் தவறாக இருந்தும் எளிதில் திருப்பியிருக்கலாம். எல்லா அமைப்புகளிலும் சாஃப்ட் டெலீட்டைக் கட்டாயமாக்குவது அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் முதல் பாடமாக இருந்தது.

அட்லாசியனில் நடந்தது முன்கூட்டி அழித்த தவறு. அதற்கு நேர்மாறான தவறு சத்தமே இல்லாமல் நடக்கும். இரவு வேலை ஏதோ ஒரு பிழையால் நின்றுபோகிறது. யாரும் புகார் சொல்வதில்லை. குப்பையில் கெடு முடிந்த படம் எப்படியும் திரையில் தெரியாது. மாதங்கள் ஓடும். கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: கெடு முடிந்தும் இன்னும் இருக்கும் வரிகளில் மிகப் பழைய தேதி எது? தினமும் ஓடும் வேலை என்றால் அந்தத் தேதி ஒரு நாளைத் தாண்டக் கூடாது. மூன்று நாள் பழையது ஒன்று கண்ணில் பட்டால் உடனே ஒரு மனிதரின் போன் அடிக்க வேண்டும். ‘வேலை ஓடியதா’ என்று மட்டும் பார்ப்பது போதாது. ஓடியும் எதையும் அழிக்காத இரவுகள் உண்டு. எண்ணிக்கை திடீரென எகிறினாலும் நிறுத்திக் கேட்க வேண்டும். வழக்கமாகச் சில நூறு போகும் இடத்தில் இன்று ஒரு லட்சம் என்றால், யாரோ தேதிகளில் கைவைத்துவிட்டார்கள்.

இத்தனையும் சரியாக நடந்தாலும் பேக்கப்பில் படம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். பேஸ்புக் கணக்கை அழித்தால் மனம் மாற 30 நாள் தருகிறார்கள். எல்லாத் தரவும் போக 90 நாள்வரை ஆகலாம் என்றும் சொல்கிறார்கள். இப்படி இரண்டு எண்களையும் சொல்லிவிடுவதுதான் முறை.

பேக்கப்பால் வரும் பெரிய ஆபத்து அதைத் திரும்பக் கொண்டுவரும் நாளில்தான். சர்வர் பழுதாகி, பத்து நாள் பழைய பேக்கப்பை ஏற்றுகிறார்கள் என்போம். பத்து நாளுக்கு முன் 4182 குப்பையில் இருந்தது. கெடு முடிய இன்னும் நான்கு நாள் பாக்கி. அதன்பிறகு உரிமையாளர் அதை மீட்டெடுத்து, ஆல்பத்தில் வைத்து, நிம்மதியாக இருந்தார். அந்த மீட்பு பேக்கப்புக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை படம் குப்பையில் இருக்கிறது, கெடு முடிந்து ஆறு நாள் ஆகிறது. அன்று அதிகாலை 2 மணிக்கு வேலை வழக்கம்போல ஓடினால், உரிமையாளர் காப்பாற்றிய படத்தை அதுவே முறைப்படி அழித்துவிடும். அதனால் பேக்கப்பை ஏற்றுகிறவர்கள் சேவையைத் திறப்பதற்கு முன்னால் இரவு வேலையை நிறுத்திவைக்க வேண்டும். குப்பையில் இருக்கும் எல்லா வரிகளுக்கும் தேதியைப் பத்து நாளாவது தள்ளிப்போட்டு, அதைப் பயனர்களுக்கு அறிவித்துவிட்டு, பிறகே வேலையை மறுபடி ஓட விட வேண்டும்.